பவர் பேங்க் வாங்குறப்போ பின்பக்கத்த படிங்க

எல்லாருக்கும் வணக்கம். கரண்ட் போன நேரத்துல போன்ல கேம் ஆடுறவங்களுக்கு இது கண்டிப்பா நடந்திருக்கும். பவர் பேங்க் மாட்டியாச்சு, ஸ்கிரீன் மூலையில மின்னல் குறியும் வந்தாச்சு, சரி சார்ஜ் ஏறுதுன்னு நம்பி ஆடிட்டே இருக்கோம், ஒரு மேட்ச் முடிச்சுட்டு நிமிந்து பார்த்தா 34 இருந்தது 31 ஆயிருக்கு. எனக்கு முதல் தடவ இப்படி ஆனப்போ பவர் பேங்க் டூப்ளிகேட்டுன்னு திட்டித் தீர்த்தேன். அது பாவம், ஒழுங்கான பவர் பேங்க்தான். பின்பக்கம் பொடி எழுத்துல 5 வோல்ட் 1 ஆம்பியர்னு போட்டிருந்துச்சு, நான்தான் படிக்கல. ரெண்டையும் பெருக்கினா 5 வாட். என் கேம் குடிக்கிறதும் கிட்டத்தட்ட அதே 5 வாட். வழியில கேபிள்லயும் போனுக்குள்ளயும் கொஞ்சம் சூடா போயிடுது, அந்தக் குறைய போன் பேட்டரி தன் கையில இருந்து போட்டுட்டு இருந்திருக்கு, அதான் அந்த மூணு பர்சன்ட்.

அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி உங்க கேம் எவ்ளோ குடிக்குதுன்னு பாத்துக்கோங்க. மீட்டர்லாம் வேண்டாம். சார்ஜர் மாட்டாம, நீங்க வழக்கமா வைக்கிற பிரைட்னஸ்ல அரை மணி நேரம் ஆடுங்க, எத்தன பர்சன்ட் இறங்குச்சுன்னு குறிச்சுக்கோங்க. என் போன் பேட்டரி 5000 எம்ஏஎச், அதுக்குள்ள இருக்கிறது சுமாரா 19 வாட் அவர், அதாவது 19 வாட்ட ஒரு மணி நேரம் குடுக்கிற அளவு. அரை மணில 13 பர்சன்ட் இறங்குச்சு, அப்போ ரெண்டரை வாட் அவர், ஒரு மணி நேரத்துக்கு அஞ்சு. வீட்டு வைஃபைல ஆடுனப்போ வந்த கணக்கு இது, ரயில்ல சிக்னல் வந்து வந்து போற இடத்துல மொபைல் டேட்டால ஆடுனா இதவிட அதிகமாதான் இழுக்கும், டவரைத் தேடுறதுக்கே போன் தனியா செலவு பண்ணும்ல.

இப்போ பவர் பேங்க் பக்கம் வருவோம். அட்டைல பெருசா 10000 எம்ஏஎச்னு போட்டிருப்பாங்க. அது பொய் இல்ல, ஆனா அது உள்ள இருக்கிற செல்லோட கணக்கு, 3.7 வோல்ட்ல. வாட் அவர்ல சொன்னா 37. யூஎஸ்பி வழியா வெளிய வர்றது 5 வோல்ட்டோ அதுக்கு மேலயோ, அப்படி மாத்துறப்போ கொஞ்சம் போயிடும். அதனாலதான் பல பவர் பேங்க்ல பின்னாடி சின்னதா ரேட்டட் கெப்பாசிட்டின்னு இன்னொரு நம்பர் இருக்கும், 10000 போட்டதுல அது 6000 பக்கம் நிக்கும். 5 வோல்ட்ல 6000ன்னா 30 வாட் அவர். போன் வாங்கிக்கிறப்போ அதுலயும் கொஞ்சம் போகும், கடைசில 25 கைக்கு வருதுன்னு வெச்சுக்கலாம். என் கேமுக்கு அது அஞ்சு மணி நேரம். போன்ல ஏற்கனவே ஃபுல் சார்ஜ் இருந்தா அது ஒரு மூணே முக்கால் மணி நேரம். ஆக எட்டு மணி நேரத்துக்கு மேல ஓடுது, ஒரு ராத்திரிக்கு எனக்கு இதுவே தாராளம். 20000 எடுத்தா பவர் பேங்க் பங்கு மட்டும் பத்து மணி நேரம் வரும், ஆனா கனமும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

கனம்னு சொன்னதும்தான் ஞாபகம் வருது, டூப்ளிகேட்டக் கண்டுபிடிக்க இதான் சுலபமான வழி. லித்தியம் செல்லுக்கு ஒரு எடை உண்டு, அதுல ஏமாத்த முடியாது. 20000 எம்ஏஎச்க்கு செல் மட்டுமே கால் கிலோவுக்கு மேல வந்துடும். அட்டைல 20000 போட்டு கைல எடுத்தா 200 கிராம்தான் இருக்குன்னா, அங்கயே வெச்சுட்டு வந்துடுங்க. பாக்கெட்ல போடுற சைஸ்ல 50000ன்னு விக்கிறாங்களே, அதெல்லாம் எடுத்துக்கூட பாக்க வேண்டாம்.

சரி, எத்தன வாட் வேணும்? பலரும் பெரிய வாட்டா பாத்து ஓடுவாங்க. கேமுக்கு அது தேவையே இல்லன்றது என் கருத்து. பேட்டரி 10 பர்சன்ட்ல இருக்கப்போ பெரிய பவர் பேங்கக் கொண்டுபோய் மாட்டினா போன் வேகமா இழுக்கும், பேட்டரி சூடாகும், அதே நேரம் கேம்னால பிராசஸர் வேற சூடாகும், ரெண்டும் சேந்ததும் போன் தன்னக் காப்பாத்திக்க பிராசஸர் வேகத்தக் குறைக்கும், சார்ஜிங்கையும் குறைக்கும். கேமரா இருக்கிற பக்கம் விரல் வெக்க முடியாது, ஸ்கிரீன் தானா மங்கும், சரியா சண்டை நடக்கிறப்போ ஃப்ரேம் தடுக்கும். நெட் ஸ்லோன்னு நினைச்சு ரவுட்டரைத் திட்டுவோம், நெட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது.

18, 20 வாட்ல PD, அதாவது பவர் டெலிவரின்ற வேக சார்ஜிங் முறை, இருக்கிற பவர் பேங்க் போதும், கேபிள் ரெண்டு முனையும் டைப் சியா இருக்கட்டும், ஏன்னா PD வேல செய்ய அந்தக் கேபிள் வேணும். அப்புறம் பேட்டரி காலியாகிற வரைக்கும் காத்திருக்காதீங்க, 80 பர்சன்ட் பக்கம் இருக்கப்போவே மாட்டிடுங்க. அந்த அளவுக்கு மேல பேட்டரி மெதுவாதான் வாங்கும், வர்ற கரண்ட்ல பெரும்பங்கு நேரா கேமுக்குப் போயிடும், சூடும் கம்மி. சில போன்ல இதுக்குன்னே பைபாஸ் சார்ஜிங் இருக்கு, பேட்டரியத் தொடாம போனை மட்டும் ஓட்டும். சில சாம்சங் போன்ல கேம் பூஸ்டர்க்குள்ள Pause USB Power Delivery ன்னு இருக்கும், PD பவர் பேங்க் மாட்டி, சார்ஜ் 20 பர்சன்ட்டுக்கு மேல இருந்தாதான் அது வேல செய்யும். போன் முதுகுல ஒட்டுற வயர்லெஸ் பவர் பேங்க் கேமுக்கு வேண்டவே வேண்டாம், சூடு வெளிய போக வேண்டிய இடத்துலயே இன்னொரு சூட்டைக் கொண்டுபோய் ஒட்ட வெக்கிற மாதிரி அது.

கரண்ட் அடிக்கடி போற இடத்துல இருக்கிறவங்க இன்புட்டையும் பாக்கணும், இத யாரும் கேக்குறதே இல்ல. 20000 பவர் பேங்க் 10 வாட்ல மட்டும் சார்ஜ் ஏத்திக்கும்னா அது நிறைய ஒன்பது மணி நேரமாவது ஆகும். நடுவுல ரெண்டு மணி நேரம்தான் கரண்ட் வருதுன்னா கால்வாசிகூட ஏறாது, அடுத்த தடவ கரண்ட் போறப்போ பேருக்குதான் 20000. 18 வாட் இன்புட்னா அஞ்சு மணி நேரம், அதே ரெண்டு மணில நாப்பது பர்சன்ட் கிட்ட ஏறிடும். என்கிட்ட கேட்டா மெதுவா ஏறுற 20000 விட வேகமா ஏறுற 10000தான் எடுப்பேன்.

விமானத்துல போறவங்களுக்கு ஒண்ணு. பவர் பேங்க் கைப்பையிலதான் இருக்கணும், செக்-இன் பெட்டில போடக் கூடாது. பொதுவா 100 வாட் அவர் வரைக்கும் விடுவாங்க, 20000ன்னா 74தான், அதுல பிரச்சனை இல்ல. ஆனா அந்த வாட் அவர் நம்பர் பவர் பேங்க் மேலேயே அச்சுல இருக்கணும். பையிலயே உரசி உரசி எழுத்து அழிஞ்சு போயிருந்தா செக்கிங்ல இருக்கிறவங்க அத எடுத்து வெச்சுக்கலாம். இப்போ சில ஏர்லைன்ஸ் பறக்குறப்போ பவர் பேங்க யூஸ் பண்ணவே விடுறதில்ல, அதனால ஏறுறதுக்கு முன்னாடியே போனை ஃபுல் பண்ணிக்கோங்க.