ரவுண்ட்ஸுக்கு முன்னால் ஒரு இட்லி

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் ஒரு அரசு மருத்துவமனை வாசலுக்கு எதிரே தள்ளுவண்டியில் இட்லிக்கடை நடத்துகிறேன். என்னிடம் சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள். வார்டில் சாப்பாடு நோயாளிக்குத்தான், துணைக்கு இருப்பவருக்குக் கிடையாது.

கடை போட்ட புதிதில் காலை எட்டு மணிக்குத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். கூட்டமே வராது. அப்புறம் ஒரு அம்மா சொன்னார்: "தம்பி, எட்டரைக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துடுவாங்க. சீட்டு எழுதிக் கொடுத்தா நாங்க பக்கத்துல இருக்கணும். ஆறு மணிக்கே கொடுங்க." மறுநாளிலிருந்து ஆறுக்கு முதல் ஈடு இறங்கியது. ஒரு ரூபாய்க்கு இட்லி தரும் அம்மா உணவகமும் ஏழு மணிக்குத்தான் திறக்கும். அந்த ஒரு மணி நேரம்தான் என் வியாபாரம்.

மதியமும் அப்படித்தான். பன்னிரண்டு மணிக்குச் சோற்றோடு காத்திருந்தேன், ஆளே இல்லை. நோயாளிக்கு ஊட்டி, மாத்திரை கொடுத்து, படுக்க வைத்துவிட்டு அவர்கள் வெளியே வர ஒன்றேகால் ஆகிவிடும்.

விலைக்கு வருகிறேன். ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து, இரண்டும் சேர்த்து 85 ரூபாய். அதில் ஐம்பது இட்லி வரும். சாம்பார், சட்னி, கேஸ், இலை எல்லாம் சேர்த்தால் ஒரு இட்லி எனக்கு ஏறக்குறைய 4 ரூபாய் 20 பைசா அடக்கம். விற்பது 7 ரூபாய்க்கு. நான்கு இட்லி செட் என்று வைக்கவில்லை, ஒற்றையாகவே கொடுக்கிறேன். எத்தனை நாள் இருக்க வேண்டி வரும் என்று அவர்களுக்கே தெரியாது. மடியில் முடிந்த காசைப் பிரித்து, மருந்துக்கு, ஆட்டோவுக்கு என்று ஒதுக்கிவிட்டுத்தான் வயிற்றுக்கு வருகிறார்கள். இரண்டு இட்லி போதும் என்பவரிடம் செட் விலை சொன்னால், டீ மட்டும் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

200 இட்லி அவித்து எல்லாம் விற்றால், ஆள் கூலிக்கு முன்னால் 560 ரூபாய் நிற்கும். 40 மிஞ்சினால் அது 280 ஆகிவிடும், பாதிதான். அதனால் மொத்தமாக அவிப்பதில்லை. மாவைக் குளிர்ச்சியாக வைத்து, இரண்டு தட்டு இரண்டு தட்டாக இறக்குகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து உறவினர்கள் தூக்குவாளியோடு வந்துவிடுவார்கள். அன்று பாதி மாவுதான். அரிசியை முந்தின நாளே ஊற வைக்க வேண்டும், ஆகவே சனிக்கிழமை காலையிலேயே அளவைக் குறைத்துவிடுவேன். திங்கள் விடியற்காலையில் தூக்குவாளி காலியாகியிருக்கும், ஆறு மணிக்கு முன்பே வண்டியருகே நான்கைந்து பேர் நிற்பார்கள்.