துண்டுச் சீட்டிலிருந்து முழுக் குறிப்பு: சீழ் வடியும் ஒரு காது

(திரையில்: இ.என்.டி. ஓ.பி. சீட்டு ஒன்று, கையெழுத்தில்)

"சீழ் வ. 3/12. தண்ணீர் பட்டால் கூடும். நாற்றமில்லை, வலியில்லை. வ. நடுத்துளை, ஈரம். இ. நா. ரின்னி வ. நெகடிவ், இ. பாசிடிவ். வெபர் வ. மூக்கு நா., தொண்டை நா. சிப்ரோ சொட்டு. பி.டி.ஏ. 2/52 பார்க்க."

பரிசோதித்தவருக்கு இது போதும். அடுத்த முறை வேறு டாக்டர் பார்த்தால் போதாது. இதை முழுக் குறிப்பாக மாற்றுவோம்.

முதலில் அந்த 3/12. டிசம்பர் 3 என்று படித்து, அந்தத் தேதியிலிருந்து சீழ் என்று எழுதியவர்கள் உண்டு. இது பழைய மருத்துவச் சுருக்கம். கீழே 12 இருந்தால் மாதம், 52 இருந்தால் வாரம், 7 இருந்தால் நாள். ஆகவே சீழ் 3 மாதமாக வடிகிறது, மறுபரிசோதனை 2 வாரத்தில். குறிப்பில் பின்னத்தை விட்டுவிட்டு "3 மாதம்" என்றே எழுதுங்கள். "நா." என்றால் நார்மல், "பி.டி.ஏ." என்றால் காது கேட்கும் அளவைப் பார்க்கும் சோதனை. "வ.", "இ." இரண்டையும் வலது, இடது என்று விரித்தே எழுத வேண்டும். காதில் பக்கம் மாறினால் அறுவை சிகிச்சை வரை அந்தத் தவறு போகும்.

(திரையில்: செவிப்பறைப் படம், நடுவில் துளை)

அடுத்தது பரிசோதனைப் பகுதி. "நடுத்துளை" என்றால் துளை மையத்தில் இருக்கிறது என்று மட்டும் பொருளல்ல. துளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் செவிப்பறையின் மிச்சம் இருக்கிறது என்று பொருள். ஓரத்தைத் தொட்டாலோ, மேலே அட்டிக் பகுதியில் குழி விழுந்திருந்தாலோ கதை வேறு. அங்கே கொலஸ்டியடோமா என்ற தோல் வளர்ச்சி இருக்கலாம், அது எலும்பை அரிக்கும். சீட்டில் அட்டிக் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இங்கேதான் கை துறுதுறுக்கும்: மற்றதெல்லாம் நார்மல்தானே, "அட்டிக் நார்மல்" என்று சேர்த்துவிடலாமே என்று. சேர்க்கக் கூடாது. எழுதாதது பார்க்கப்படாததாகவும் இருக்கலாம். சீழ் மறைத்திருந்தால் பார்க்க முடிந்திருக்காது. "அட்டிக்: பதிவில்லை, கேட்கவும்" என்று குறித்து டாக்டரிடம் கேளுங்கள். முகநரம்பு, காதின் பின்புற வலி ஆகியவற்றுக்கும் இதே விதி.

(திரையில்: இசைக்கவை, முதலில் காதின் பின் எலும்பில், பிறகு காதின் முன்)

ரின்னி, வெபர் என்ற இரண்டு இசைக்கவைச் சோதனைகளும் ஒன்றையொன்று சரிபார்க்கும். வலது ரின்னி நெகடிவ் என்றால், காதின் முன் கேட்பதைவிட எலும்பு வழியே நன்றாகக் கேட்கிறது. ஒலி உள்ளே போகும் வழியில் தடை. அப்படிப்பட்ட குறைபாட்டில் வெபர், அதாவது நெற்றியில் வைத்த இசைக்கவையின் ஒலி, பாதித்த காதுப் பக்கமே சாயும். இங்கே வலது. இரண்டும் பொருந்துகின்றன.

ஒருவேளை சீட்டில் "வெபர் இ." என்று இருந்திருந்தால்? கைப்பிழை என்று திருத்திவிடத் தோன்றும். ஆனால் வலது உள்காது முழுக்கச் செயலிழந்திருந்தாலும் இதே படம் வரும்: எலும்பில் வைத்த ஒலியை நல்ல இடது காது கேட்டுவிடும், ரின்னி பொய்யாக நெகடிவ் காட்டும். அப்போது முரண்பாட்டை அப்படியே எழுதி, மறுகாது கேட்டுவிடாதபடி அதற்கு ஒலித்திரை கொடுத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும். இசைக்கவையின் அளவும் சீட்டில் இல்லை. வழக்கமாக 512 ஹெர்ட்ஸ்தான் என்றாலும் அதையும் கேட்டே நிரப்புங்கள்.

டாக்டரைக் கேட்டாயிற்று: அட்டிக் தெரிந்தது, நலமாக உள்ளது, 512 ஹெர்ட்ஸ், முகநரம்பு இயல்பு. இப்போது குறிப்பு இப்படி அமையும்.

(திரையில், ஒவ்வொரு வரியாக)

வரலாறு: வலது காதில் 3 மாதமாகச் சீழ். நீர் பட்டால் கூடும். நாற்றம், வலி இல்லை.

பரிசோதனை: வலது செவிப்பறையில் நடுத்துளை, ஈரம். அட்டிக் இயல்பு. இடது செவிப்பறை இயல்பு. ரின்னி (512): வலது நெகடிவ், இடது பாசிடிவ். வெபர் வலது. முகநரம்பு, மூக்கு, தொண்டை இயல்பு.

நோய்: வலது நாள்பட்ட நடுக்காது அழற்சி, சளிச்சவ்வு வகை, சீழ் வடியும் நிலை. ஒலி கடத்தல் குறைபாடு இருக்கலாம், பி.டி.ஏ. வந்தபின் உறுதி.

திட்டத்தில் "சிப்ரோ சொட்டு" என்று மட்டும் நிறுத்தினால் மருந்துக்கடையில் குழப்பம். எந்தக் காது, எத்தனை சொட்டு, ஒரு நாளைக்கு எத்தனை முறை, எத்தனை நாள் என்ற நான்கும் டாக்டர் சொன்னபடி வர வேண்டும். அவர் சொல்லாத அளவை நீங்கள் வழக்கத்திலிருந்து நிரப்பாதீர்கள். மருந்தின் பெயரையும் முழுசாக எழுதுங்கள். ஜென்டாமைசின் சொட்டு, துளையுள்ள காதில் உள்காதைக் கெடுக்கக்கூடும். "ஆன்டிபயாடிக் சொட்டு" என்ற மொட்டைச் சொல் ஆபத்து.

மீதி நான்கு வரி: காதைச் சுத்தம் செய்தல், குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சு, பி.டி.ஏ.; 2 வாரத்தில் மறுபரிசோதனை. தலைச்சுற்றல், முகம் கோணுதல், கடும் தலைவலி, காய்ச்சல் வந்தால் உடனே வரச் சொன்னதையும், டாக்டர் உண்மையிலேயே சொல்லியிருந்தால், சேர்க்கவும்.