கொட்டின இடம் வீங்குதா, கொட்டாத இடம் வீங்குதா?

[காட்சி: புறங்கையில் தேனீ, மிக அருகில்]

தேனீ கொட்டினது கையில. வீங்குறது உதடு. 108-ஐக் கூப்பிட வேண்டிய நேரம் இதுதான். கையில கொட்டி முழங்கை வரைக்கும் வீங்கினாக்கூட இவ்வளவு அவசரம் கிடையாது.

முதல்ல கொடுக்கைப் பாருங்க. ரம்பம் மாதிரி முள்ளு முள்ளா இருக்கும். தோல்ல மாட்டிக்கிட்டா தேனீயால உருவ முடியாது. பறக்கும்போது விஷப்பையும் சேர்ந்து பிய்ஞ்சு நம்ம தோல்லயே நின்னுடும். தேனீ போன பிறகும் அந்தக் குட்டிப் பை துடிச்சுத் துடிச்சு விஷத்தை இறக்கிக்கிட்டே இருக்கு பாருங்க! அரை நிமிஷத்துல பெரும்பகுதி உள்ள போயிடும். "கிள்ளக் கூடாது, ஏடிஎம் அட்டையால வழிக்கணும்"னு சொல்லுவாங்க. அட்டையைத் தேடுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடும். 1996-ல சோதிச்சுப் பார்த்தப்போ, எப்படி எடுத்தாங்கங்கிறது பெருசா இல்லை, எவ்வளவு சீக்கிரம் எடுத்தாங்கங்கிறதுதான் தடிப்போட அளவைத் தீர்மானிச்சுது. அதனால நகத்தாலயே எடுத்துடுங்க.

குளவி, கதண்டுக்குக் கொடுக்கு வழவழப்பு. உருவி உருவித் திரும்பக் கொட்டும்.

கொட்டின இடத்து வீக்கம் ரெண்டு நாள் வரைக்கும் ஏறி, ஒரு வாரத்துல வடியும். ஐஸ் ஒத்தடம், செட்ரிசின் போதும். நெத்தியில கொட்டி மறுநாள் காலையில கண்ணு மூடிக்கிட்டாலும், பெரும்பாலும் அதே வீக்கம்தான் கீழ இறங்கியிருக்கு.

[காட்சி: தென்னந்தோப்பு, கடிகாரம்]

இப்ப ஆபத்தான கணக்கு. 10 மணிக்கு ஒருத்தருக்குப் புறங்கையில கதண்டு கொட்டுதுன்னு வெச்சுக்குங்க. 10:05-க்கு உள்ளங்கை, உள்ளங்கால் அரிக்குது. 10:08-க்கு வயித்துல, தொடையில தடிப்பு. 10:12-க்குக் குரல் கம்முது, வாந்தி, தலைசுத்தல். விஷத்தோட அலர்ஜியால உடம்பு முழுக்க ரத்தக்குழாய்கள் விரிஞ்சு கசியுது, பிரஷர் இறங்குது. நம்ம ஊர்ல இந்த நேரத்துல என்ன செய்வாங்க? பைக்ல ரெண்டு பேருக்கு நடுவுல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போவாங்க. தயவுசெஞ்சு செய்யாதீங்க! நிமிர்த்தி வெச்சா இதயத்துக்குத் திரும்புற ரத்தம் குறைஞ்சு, அந்த நொடியே இதயம் நின்னு போகலாம். படுக்க வெச்சு காலைத் தூக்கி வைங்க, 108-ஐக் கூப்பிடுங்க. மூச்சு வாங்கினா மட்டும் காலை நீட்டிச் சாய்ஞ்சு உக்காரலாம். வாந்தி எடுத்தா ஒருக்களிச்சுப் படுக்கணும்.

உயிரைக் காப்பாத்துற மருந்து அட்ரினலின். பெரியவங்களுக்கு அரை மில்லிகிராம், தொடையோட வெளிப்பக்கத் தசையில. சரியாகலைன்னா 5 நிமிஷத்துல இன்னொண்ணு. அவில் ஊசி அரிப்பை அடக்கும், இறங்கின பிரஷரை ஏத்தாது. அதனால ஆஸ்பத்திரியில "அட்ரினலின் போட்டாச்சா?"ன்னு கேளுங்க.

ரெண்டு விஷயத்துல கொட்டாத இடம் வீங்காட்டியும் ஆஸ்பத்திரிக்கு ஓடணும். வாய்க்குள்ளயோ தொண்டையிலயோ கொட்டினா, அலர்ஜி இல்லாமலே மூச்சு அடைக்கும். கூடு கலைஞ்சு டஜன் கணக்குல கொட்டினா, மறுநாள் சிறுநீரகம் பாதிக்கலாம். மூத்திரம் கறுத்து வந்தா அதுதான் அடையாளம்.

ஊசி போட்டதும் பத்து நிமிஷத்துல ஆள் தெளிஞ்சு "வீட்டுக்குப் போகலாம்"னு சொல்லுவார். விடாதீங்க. மருந்து அடங்கினதும் சில மணி நேரத்துல எல்லாம் திரும்ப வரலாம். டாக்டர் அனுப்புற வரைக்கும் கட்டில்லயே இருக்கட்டும்.