சீசன் ஆட்களுக்குக் கற்றுத் தருவது யார்?

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, என்னை அன்போடு அறிமுகம் செய்துவைத்த சங்கச் செயலாளர் அவர்களே, எனக்கு முன்பு பேசி இந்த அவையைச் சிந்திக்க வைத்துவிட்டு அமர்ந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் நிறுவன மேலாளர்களே, தங்கள் ஓய்வுநாளை விட்டுக்கொடுத்து இங்கு வந்திருக்கும் சூப்பர்வைசர் தோழர்களே, எல்லோருக்கும் என் வணக்கம். போன ஆண்டும் இதே மேடையில் பேச அழைத்தீர்கள். மறுபடியும் அழைத்திருக்கிறீர்கள். இந்த அரங்கை ஏற்பாடு செய்து கொடுத்தவர்களுக்கும், காலையிலிருந்து ஒலிபெருக்கிக்கு அருகிலேயே நிற்கும் தம்பிக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

சீசன் வேலைக்கு எடுக்கும் தற்காலிக ஊழியர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆளெடுப்பது, வேலையைக் கற்றுத் தருவது, அருகில் இருந்து கவனிப்பது என்று இதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆளெடுப்பதைப் பற்றி அவைத்தலைவர் தம் தலைமையுரையில் விரிவாகவே சொல்லிவிட்டார். ஆகவே நேராக இரண்டாவதுக்குப் போகிறேன்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பார்கள். என்னோடு வேலை பார்த்தவர்கள் இதை என் வாயால் நூறு முறை கேட்டிருப்பார்கள். இந்தப் பழமொழியை எனக்குப் புரியவைத்தது ஒரு சீசன். அதை முழுதாகச் சொல்ல அனுமதியுங்கள்.

தபால் வழி ஆர்டர்களை அனுப்பும் ஒரு கிடங்கில் அப்போது நான் பேக்கிங் பிரிவு சூப்பர்வைசர். சீசனுக்காக 24 பேர் புதிதாக வந்தார்கள். பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள், ஐந்து வாரம்தான் இருப்பார்கள். முதல் நாள் காலை எல்லோரையும் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் பேசினேன். வேலை விதிகள், பாதுகாப்பு, பேக்கிங் முறை எல்லாவற்றையும் அச்சடித்துக் கையில் கொடுத்தேன். "புரிந்ததா?" என்று கேட்டேன். 24 பேரும் "புரிந்தது சார்" என்றார்கள். அதன் பிறகு ஒவ்வொருவரையும் ஒரு பழைய ஆளின் மேசைக்கு அனுப்பி, "பார்த்துக் கற்றுக்கொள்" என்றேன்.

ஐந்தாம் நாள் புகார்கள் வரத் தொடங்கின. வாடிக்கையாளருக்கு வேறொருவருடைய பொருள் போயிருந்தது. அலமாரியிலிருந்து பொருள் எடுப்பவர்கள்தான் தவறு செய்கிறார்கள் என்று நினைத்து அவர்களைக் கூப்பிட்டுக் கண்டித்தேன். அவர்கள் மீது தவறே இல்லை. அதைக் கண்டுபிடித்தவர் புகார்களைப் பதிவு செய்யும் அம்மா. "சார், இதெல்லாம் ஜோடி ஜோடியா வருதே, பார்த்தீங்களா?" என்றார்.

இதைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள், உங்கள் இடத்திலும் பயன்படும். அலமாரியில் பொருள் மாறி எடுக்கப்பட்டால் புகார் ஒருவரிடமிருந்துதான் வரும். இருப்பை எண்ணினால் ஒரு பொருள் கூடுதலாகவும் இன்னொன்று குறைவாகவும் இருக்கும். எங்களுக்கு வந்த புகார்களிலோ இவருடையது அவருக்கும் அவருடையது இவருக்கும் போயிருந்தது. இருப்பு எண்ணிக்கை கச்சிதமாக இருந்தது. அப்படியென்றால் பொருள் சரியாக எடுக்கப்பட்டு, பெட்டியிலும் சரியாக வைக்கப்பட்டு, மேலே ஒட்டிய முகவரி லேபிள் மட்டும் இடம் மாறியிருக்கிறது. பெட்டிக்குள் இருந்த பேக்கர் எண்களைப் பார்த்தோம். எல்லாமே மூன்று மேசைகளிலிருந்து வந்தவை, மூன்றிலும் புதியவர்கள்.

அதில் ஒரு மேசையின் பக்கத்தில் போய் அரை மணி நேரம் பேசாமல் நின்றேன். அங்கே வேலை செய்த பெண் சுறுசுறுப்பானவள். ஐந்து ஆர்டர்களைத் தொடர்ந்து ஸ்கேன் செய்தாள். ஐந்து லேபிள்கள் வந்தன, வரிசையாக வைத்துக்கொண்டாள். பிறகு ஐந்து பெட்டிகளையும் நிரப்பி, வரிசைப்படி லேபிள் ஒட்டினாள். நன்றாகத்தான் போனது. நான்காவது பொருள் பெட்டியில் அடங்காமல் போகும் வரைக்கும். அதை ஒதுக்கி வைத்துவிட்டுப் பெரிய பெட்டி எடுக்கப் போனாள். திரும்பி வந்து ஐந்தாவதை முதலில் மூடினாள். வரிசை மாறியது அவளுக்குத் தெரியவே இல்லை. இரண்டு பார்சல்கள் முகவரி மாறிக் கிளம்பியிருக்கும், நான் கைநீட்டித் தடுத்தேன்.

"யாரம்மா இப்படிச் செய்யச் சொன்னது?" என்று கேட்டேன். "யாரும் சொல்லலை சார். இப்படிச் செஞ்சா வேகமா போகுது" என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. அவளுக்குக் கற்றுக்கொடுத்த பழைய ஊழியரைக் கூப்பிட்டேன். எட்டு ஆண்டு அனுபவம், ஒரு லேபிள் மாற்றி ஒட்டியதில்லை. ஒரு ஆர்டரை ஸ்கேன் செய்வார், பெட்டியில் லேபிளை ஒட்டுவார், அதற்குப் பிறகுதான் அடுத்ததைத் தொடுவார். "இதை அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன். அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "இதைச் சொல்லித்தான் தெரியணுமா சார்? கை அப்படித்தானே போகும்?" என்றார்.

அந்தப் பதிலில்தான் எல்லாமே இருந்தது. நன்றாக வேலை தெரிந்தவருக்குத் தன் வேலையின் முக்கியமான நுணுக்கம் எதுவென்றே தெரிவதில்லை. அது கைக்குள் போய்விட்டது. நான் கொடுத்த அச்சுத்தாளிலும் அது இல்லை, "லேபிளைக் கவனமாக ஒட்டவும்" என்றுதான் இருந்தது. ஏட்டுச் சுரைக்காய்!

இந்தப் பிரச்சினையை நம்மைவிடப் பெரிய அளவில் சந்தித்தவர்கள் இருக்கிறார்கள். முதல் உலகப் போர் காலத்தில் அமெரிக்கக் கப்பல் தளங்களில் புதியவர்களுக்கு அவசரமாக வேலை கற்றுத்தர வேண்டியிருந்தது. சார்லஸ் ஆலன் என்பவர் அதற்கு நான்கு படி முறை ஒன்றை வகுத்தார். 1940-ல் அங்கே தொடங்கிய 'டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி' திட்டம் அதை எடுத்துக்கொண்டு எளிமையாக்கியது. கற்றுத்தருபவர்களுக்கான வகுப்பு மொத்தம் 10 மணி நேரம்தான், இரண்டு இரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வு, ஒரு குழுவுக்குப் பத்துப் பேர்.

முதல் அமர்விலேயே ஒரு முடிச்சைக் கொண்டுவருவார்கள். விளக்கின் ஹோல்டருக்குள், ஒயரை இழுத்தால் திருகாணியில் பாரம் விழாதபடி இரண்டு கம்பிகளையும் பின்னிப் போடும் அண்டர்ரைட்டர் முடிச்சு அது. பயிற்சியாளர் முதலில் அதை வாயால் மட்டும் விளக்குவார். ஒருவரை அழைத்துப் போடச் சொல்வார், வராது. அடுத்து பேசாமல் போட்டுக் காட்டுவார். இன்னொருவர் முயல்வார், அவருக்கும் வராது. மூன்றாவதாகத்தான், சொல்லிக்கொண்டே செய்து காட்டும் சரியான முறைக்கு வருவார். சொன்னால் மட்டும் போதாது, காட்டினால் மட்டும் போதாது என்பதைத் தன் விரலால் உணராத யாரும் அந்த அறையை விட்டுப் போக முடியாது.

அந்த முறையை வைத்துத்தான் என் பேக்கிங் வேலையை மறுபடி எழுதினேன். பழைய ஊழியரை வேலை செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று ஒவ்வொரு அசைவுக்கும் "ஏன்?" என்று கேட்டேன். ஆறு படிகள் கிடைத்தன. அவற்றில் மூன்றுக்குத்தான் நுணுக்கம் தேவைப்பட்டது. லேபிள் படிக்கு எதிரே "ஒரு பெட்டி, ஒரு லேபிள், ஒட்டிய பிறகே அடுத்த ஸ்கேன்" என்று எழுதினேன். அதற்கு எதிரே காரணத்தையும் எழுதினேன்: "இரண்டு லேபிள் மேசையில் இருந்தால் இரண்டு வாடிக்கையாளருக்குத் தவறு போகும்." எல்லாம் அரைப் பக்கத்தில் அடங்கிவிட்டது. அந்தத் தாள் கற்றுத்தருபவர் கையில்தான் இருக்கும், கற்பவரிடம் கொடுப்பதில்லை.

சொல்லிக் கொடுக்கும்போது புதியவர் எதிரில் நிற்கக் கூடாது, இடம் வலமாகத் தெரியும். பக்கத்தில் நிற்க வேண்டும். மூன்று முறை செய்து காட்ட வேண்டும். முதல் முறை படிகளை மட்டும் சொல்லி, இரண்டாம் முறை நுணுக்கத்தோடு, மூன்றாம் முறை காரணத்தோடு. பிறகு புதியவர் செய்ய வேண்டும். முதலில் பேசாமல், அப்புறம் படிகளைச் சொல்லிக்கொண்டே, அப்புறம் நுணுக்கங்களையும், கடைசியாகக் காரணங்களையும் சொல்லிக்கொண்டே. தவறு வந்த கணத்திலேயே நிறுத்தித் திருத்த வேண்டும், விட்டால் தவறும் கைக்குள் போய்விடும். "புரிந்ததா?" என்று கேட்கவே வேண்டாம். தான் செய்வதைக் காரணத்தோடு சொல்கிறவருக்குப் புரிந்திருக்கிறது. காரணம் தெரிந்திருந்தால் அந்தச் சுறுசுறுப்பான பெண் ஐந்து லேபிளை ஒன்றாக எடுத்திருக்கவே மாட்டாள்.

இதற்கு ஓர் ஆளுக்கு 25 நிமிடம் ஆனது. நான் இங்கே வந்ததன் நோக்கமும் அந்த 25 நிமிடத்தில்தான் இருக்கிறது.

அந்தப் பழைய ஊழியர் முதல் முறை எவ்வளவு நேரம் செலவழித்தார் தெரியுமா? ஐந்து நிமிடம். இரண்டு பெட்டி கட்டிக் காட்டிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார். ஏன்? அவருடைய தலைக்கு மேலே பலகையில் அவருடைய அன்றைய டார்கெட் தொங்கியது. புதியவர் மூன்று பேரை அவரிடம் அனுப்பிய நான், அந்தப் பலகையில் ஓர் எண்ணைக்கூடக் குறைக்கவில்லை. மூன்று பேருக்கு 75 நிமிடம் கொடுத்திருந்தால் அன்று மாலை அவர் பெயர் சிவப்பில் வந்திருக்கும். வேறு எப்படி நடந்துகொள்வார்? பிழை என்னுடையது. பல நிறுவனங்களில் இன்றும் இதே பிழை நடக்கிறது. கற்றுத்தரும் வேலையைக் கொடுத்துவிட்டு, அதற்கான நேரத்தைக் கொடுப்பதில்லை. நேரம் கொடுக்காத பயிற்சித் திட்டம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

மேலாளர்கள் செலவைக் கேட்பீர்கள், கேட்பது நியாயம். ஒரு ஜோடி பார்சல் மாறினால் இரண்டு பேரிடம் பேச வேண்டும், இரண்டு பெட்டிகளைத் திரும்ப வரவழைக்க வேண்டும், பிரித்துச் சரிபார்த்து மறுபடி கட்டி அனுப்ப வேண்டும். நான்கு போக்குவரத்துச் செலவு. அதை இந்த 25 நிமிடத்துக்குப் பக்கத்தில் வைத்து நீங்களே பாருங்கள்.

கவனிப்பதைப் பற்றியும் பேசுவதாகச் சொன்னேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் வைத்துக்கொண்ட அளவு இதுதான்: முதல் பத்துப் பெட்டிகளையும் மூடும் முன்பே பார்க்க வேண்டும். தொடர்ந்து இருபது பெட்டி பிழையில்லாமல் போனால், பிறகு ஐந்துக்கு ஒன்று. ஒரு பிழை வந்தாலும் மறுபடி பத்துக்குப் பத்து. இரண்டாம் நாளே ஒருவர் பழைய ஆளைவிட வேகமாகக் கட்டினால் பாராட்டுவதற்கு முன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். ஒரு படியைத் தாண்டுகிறார் என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம். இதையும் யார் செய்வது? மறுபடியும் அதே பழைய ஊழியர்தான். அவருக்கு நேரம் வேண்டும்.

ஆகவே இந்த அவையின் முன் ஒரு தீர்மானத்தை வைக்கிறேன். சீசன் ஆட்கள் சேரும் முதல் இரண்டு நாட்களுக்கு, அவர்களுக்குக் கற்றுத்தருபவரின் டார்கெட் பூஜ்யம் என்று பணி அட்டவணையிலேயே எழுதப்பட வேண்டும். அவருடைய பெயருக்கு எதிரே "பயிற்சி" என்று போட வேண்டும். ஒருவரிடம் மூன்று பேருக்கு மேல் அனுப்பக் கூடாது. வாய்வார்த்தையாக "பார்த்துக்கலாம்" என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அட்டவணையில் எழுத்தாக வேண்டும். தீர்மானத் தாள் செயலாளர் அவர்களிடம் இருக்கிறது. மேலாளர்கள் தயவுசெய்து படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

மேடைக்குக் கீழே மேசையில் கொஞ்சம் ஒயர் வைத்திருக்கிறேன். அந்த முடிச்சைப் போட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் வாருங்கள், முதலில் வாயால் மட்டும்தான் சொல்வேன். நன்றி, வணக்கம்.