தேய்கிறது என்ற ஒரு சொல்

"சுலோகத்தில் மோனையும் முரணும் மலிவான வித்தையா, மதிநுட்பமா?" – நடுவர் தந்த தலைப்பு

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். நான் மதிநுட்பத்தின் பக்கம் நிற்கிறேன்.

எதிரணித் தலைவர் கொழும்பு காலி வீதியில் வாசித்த ஒரு பலகையைச் சொன்னார்: "தரமான தையல், தங்கமான தயாரிப்பு". அது மலிவுதான், ஒப்புக்கொள்கிறேன். தைத்த தயாரிப்பு எப்படித் தங்கமாகும்? தகரத்துக்குத் துணை தேடிப் பிடித்து வந்த சொல் அது. ஆனால் அந்தக் கடைக்காரர் செய்த பிழைக்கு மோனை என்ன செய்யும்?

இரண்டாவதாகப் பேசிய டீச்சர், தன் மகளின் விளையாட்டுப் போட்டியில் பிள்ளைகள் கத்திய கோஷங்களைச் சொன்னார். டீச்சர், அவை எதுகை. பொருளைக் கேட்டு அங்கே யாரும் கத்துவதில்லை, தொண்டை வலிக்கும்வரை கத்துவதற்குத் தாளம் இருந்தால் போதும். நம் பேச்சு அதைப் பற்றியது அல்ல.

நான் ஒரே ஒரு சுலோகத்தை எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் தி.மு.க. 1967இல் ஆட்சியைப் பிடிப்பதற்கு முன்பே மேடைதோறும் முழங்கியது அது. தொழிற்சாலைகளும் திட்டப் பணமும் வட இந்தியாவுக்கே போகின்றன என்ற குறைதான் விஷயம். அதைச் சொன்ன விதம் இப்படி: "வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது."

மொத்தம் நாலு சொல். முதல் பாதியில் வ, வா. அடுத்த பாதியில் தெ, தே. மோனை என்றால் மெய்யெழுத்து ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, உயிரும் இனமாக இருக்க வேண்டும். அகரத்துக்கு ஆகாரம் இனம், எகரத்துக்கு ஏகாரம் இனம். இரண்டு பாதியும் அந்தக் கணக்கில் சரியாக உட்காருகின்றன.

இப்போது கடைசிச் சொல்லைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பாருங்கள். வாழ்வதற்கு எதிர் சாவது. "தெற்கு சாகிறது" என்றால் கேட்பவர் நம்பமாட்டார், அவர் உயிரோடுதானே கூட்டத்தில் நிற்கிறார். சரி, "வாடுகிறது" என்று போட்டால்? பொருள் கிட்டத்தட்ட வந்துவிடும். ஆனால் வடக்கின் எழுத்து தெற்குக்குள் புகுந்துவிடும், இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருந்த கோடு அழிந்துபோகும். "தேய்கிறது" அந்தக் கோட்டைக் காப்பாற்றுகிறது. அதோடு நிலா தேய்வதும் செருப்பு தேய்வதும் ஒரே நாளில் தெரியாது. மெதுவாக, கண்ணுக்குப் படாமல் நடக்கும் இழப்பு. சொல்ல வந்த குறையே அதுதான். தெற்குக்கு இனமான எழுத்து வேண்டும் என்று மோனை கேட்டது. வந்த சொல்லோ சாதாரண எதிர்ச்சொல்லைவிடப் பொருத்தமாக அமைந்தது. தங்கமான தயாரிப்பில் இது நடக்கவில்லை.

இன்னொன்று. இதே வரியை இங்கே கொழும்பில், நம் வடக்கையும் தெற்கையும் நினைத்துச் சொல்லிப் பாருங்கள். ஓசை அப்படியே இருக்கிறது, முரணும் இருக்கிறது. ஆனால் போரில் வீட்டைவிட்டு வந்தவர்கள் இந்தச் சபையில் இருக்கிறார்கள். "வடக்கு வாழ்கிறது" என்றால் அவர்கள் முகம் மாறும். உண்மை இல்லாத இடத்தில் அந்த மோனை ஒட்டவே ஒட்டாது. அதனால்தான் இதை வெறும் வித்தை என்று நான் ஏற்கவில்லை.

என் அணித் தம்பி விளம்பர வேலை செய்பவர். இங்கே பல விளம்பரங்கள் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ முதலில் பிறக்கின்றன, தமிழ் கடைசியில்தான் வரும் என்கிறார். அது உண்மை. ஆனால் "தரம், திறமை, துணிவு" என்று எழுதிவிட்டால் மோனை வந்துவிட்டது என்று நினைக்கிறார். தம்பி, தாளில் மூன்றும் ஒரே எழுத்துப் போலத் தெரியும். த, தி, து என்று வாய்விட்டுச் சொல்லும்போது காது பாதிதான் ஒப்புக்கொள்ளும். சொல்லும் மூன்றில் எதை எடுத்துவிட்டாலும் நட்டமில்லை.

வெள்ளவத்தையில் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் என் மச்சான் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். பலகைக்கு "சுவையான சாப்பாடு, சுத்தமான சமையல்" என்று எழுதி வைத்திருந்தார். எந்தக் கடையிலும் மாட்டலாம், அதுதான் அதன் குறை. பிறகு அவருடைய அம்மா, பஸ்ஸுக்கு ஓடும் பிள்ளைகளிடம் வழக்கமாகச் சொல்வதையே எழுதினோம்: "அவசரமா வந்தாலும் ஆறுதலாச் சாப்பிடுங்கோ." அ, ஆ இனம். அவசரத்துக்கு ஆறுதல் எதிர், அதுவும் நம் ஊர்ப் பேச்சில் மட்டும். தமிழ்நாட்டுக்காரருக்கு ஆறுதல் என்றால் துக்க வீட்டில் சொல்வது.

எதிரணித் தலைவர் அங்கே சாப்பிட்டிருக்கிறார். மத்தியானம் நாலு மேசைக்கும் பின்னால் ஆள் நிற்கும்போது அந்த வரி உண்மையா என்று இடைவேளையில் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. மச்சானிடம் சொன்னேன். பலகையை மாற்றவா, இன்னும் இரண்டு மேசை போடவா என்று அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.