உலகம் அழிய 12 வருஷம்னு எந்த அறிக்கையில இருக்கு? காலநிலையை எங்கிருந்து படிக்க ஆரம்பிக்கணும்?

[திரை: "இன்னும் 12 வருஷம்தான்!" என்ற பெரிய எழுத்து, பின்னால் தீப்பிடித்த பூமி]

வணக்கம் மக்களே. 2018 அக்டோபர்ல ஐ.நா.வோட காலநிலை அறிவியல் குழு ஒரு அறிக்கை விட்டுச்சு, உடனே உலகம் பூரா ஒரு தலைப்பு ஓடுச்சு. இன்னும் 12 வருஷம்தான், அதாவது 2030 வந்தா கதை முடிஞ்சுதுன்னு. இதைக் கேட்டுட்டு "இனிமே மரம் நட்டு என்ன ஆகப்போகுது"ன்னு கையை விரிச்சவங்க ஒரு பக்கம். "இப்படித்தான் பயமுறுத்துவாங்க, எல்லாம் டுபாக்கூர்"னு சிரிச்சவங்க இன்னொரு பக்கம். ரெண்டு கூட்டத்துலயும் அந்த அறிக்கையைப் பிரிச்சுப் பார்த்தவங்க ரொம்பக் குறைவு.

அதுல இருந்தது இவ்வளவுதான். புவி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முன்னாடி இருந்ததை விட 1.5 டிகிரிக்கு மேல தாண்டாம, தாண்டினாலும் ரொம்பத் தாண்டாம நிக்கணும்னா, கார்பன் டை ஆக்சைடு வெளியீடு 2030-ல 2010-ஐ விட சுமார் 45 சதவீதம் குறைஞ்சிருக்கணும், 2050 வாக்குல நிகர பூஜ்யத்துக்கு, அதாவது விடுற அளவுக்கே திரும்ப உறிஞ்சுற நிலைக்கு வரணும். குறையலைன்னா? 1.5-ல நிக்காது, 1.6, 1.7னு மேல போகும். உலகம் அழியும்னு ஒரு வரி கூட அதுல கிடையாது.

அதனால இன்னிக்கு எதைப் படிக்கணும், எந்த வரிசையில படிக்கணும், எதைத் தைரியமா தாண்டிப் போகலாம்னு பார்ப்போம். மொத்தம் மூணே மூணு. மூணுமே இலவசம், அதனால "புக் விலை அதிகம் ப்ரோ"ன்னு கமெண்ட் போட முடியாது.

[திரை: தேடலில் தட்டச்சு ஆகிறது: AR6 WG1 SPM]

முதல்ல ஐபிசிசி. மேல சொன்ன அந்த ஐ.நா. குழுதான் இது. இவங்க 2021 ஆகஸ்ட்ல வெளியிட்ட ஆறாவது மதிப்பீட்டோட முதல் பாகம், அதாவது AR6 WG1, ஆயிரக்கணக்கான பக்கம். அதைத் தொடாதீங்க. கொள்கை வகுப்பவர்களுக்கான சுருக்கம், அதாவது SPM-னு தனியா முப்பது பக்கச் சொச்சத்துல ஒண்ணு இருக்கு, அது போதும்.

படிக்கும்போது சாய்ஞ்ச எழுத்துல "லைக்லி", "வெரி லைக்லி"ன்னு வரும். சும்மா பேச்சுக்குப் போட்டதில்லை. லைக்லின்னா 66 சதவீத வாய்ப்புக்கு மேல, வெரி லைக்லின்னா 90-க்கு மேல. செய்தித்தாள்ல வரும்போது இதெல்லாம் உதிர்ந்துபோய் "ஆகும்"னு மட்டும் நிக்கும். அதான் வில்லங்கமே.

அதுல ஒரு படத்துக்கு மட்டும் நேரம் குடுங்க. SPM.10. கீழ்க்கோட்டுல 1850-லிருந்து மனுஷன் விட்ட மொத்த கார்பன் டை ஆக்சைடு, பக்கக்கோட்டுல வெப்பநிலை. கிட்டத்தட்ட நேர்க்கோடாவே ஏறுது. ஒவ்வொரு லட்சம் கோடி டன்னுக்கும் சுமார் 0.45 டிகிரி. சரியா 0.45தானான்னா இல்லை, 0.27-லிருந்து 0.63 வரைக்கும் இருக்கலாம்னு அவங்களே போட்டிருக்காங்க. இப்ப உலகம் வருஷத்துக்கு சுமார் 4,000 கோடி டன் விடுது. பெருக்கிப் பாருங்க, வருஷத்துக்கு 0.02 டிகிரிக்குக் கொஞ்சம் கீழ.

நேர்க்கோடுன்னா என்ன அர்த்தம்? 1.5-ல ஒரு மதில் சுவர் இல்லை. 1.49-ல சொர்க்கமும் 1.51-ல நரகமும் இல்லை. தடுத்த ஒவ்வொரு டன்னுக்கும் பலன் உண்டு, அது எந்த வருஷமா இருந்தாலும் சரி. வெளியீடு நிகர பூஜ்யத்துக்கு வந்தா வெப்பநிலை ஏற்றமும் ஏறக்குறைய அங்கேயே நின்னுடும்னுதான் இப்போதைய புரிதல். கடல் மட்டம் மட்டும் நிக்காது, அது நூற்றாண்டுக் கணக்குல ஏறிக்கிட்டே இருக்கும். அதையும் மறைக்கக் கூடாது.

இன்னொரு விஷயம். "2100-ல 4.4 டிகிரி"ன்னு தலைப்பு வந்தா, எந்தப் பாதையில 4.4னு தேடுங்க. அது SSP5-8.5. வெளியீடு கட்டுக்கடங்காம ஏறிக்கிட்டே போற கற்பனைப் பாதை. இப்போதைய எரிசக்தி நிலவரத்துல அதுக்கு வாய்ப்பு குறைவுன்னு அதே அறிக்கையோட முதல் அத்தியாயமே சொல்லுது. நடுப் பாதையான SSP2-4.5-ல 2.7. அதுவே மோசம்தான், பயமுறுத்த 4.4 தேவையில்லை.

வரலாறு பிடிச்சவங்க அறிவியல் வரலாற்றாசிரியர் ஸ்பென்சர் வேர்ட் எழுதினதை இணையத்துலயே படிக்கலாம், 19-ஆம் நூற்றாண்டுலேயே இந்தக் கணக்கைப் போட ஆரம்பிச்சுட்டாங்கன்னு தெரிஞ்சு ஆச்சரியப்படலாம். அடுத்தது.

[திரை: withouthotair.com]

இதுதான் என் ஃபேவரிட், இங்க கொஞ்சம் உட்காரப் போறோம். டேவிட் மெக்கே, கேம்பிரிட்ஜ்ல இயற்பியல் பேராசிரியரா இருந்தவர். 2008-ல ஒரு புத்தகம் எழுதி மொத்தத்தையும் இணையத்துல இலவசமா வெச்சுட்டார். அடுத்த வருஷமே பிரிட்டன் அரசு அவரை எரிசக்தித் துறைக்குத் தலைமை அறிவியல் ஆலோசகரா போட்டுடுச்சு. அவர் செஞ்சது ஒரே வேலை. பெட்ரோல், கேஸ், கரண்ட், காற்றாலைன்னு எல்லாத்தையும் "ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோவாட் மணி"ன்னு ஒரே அளவுக்குக் கொண்டு வந்தார்.

கிலோவாட் மணின்னதும் ஓடாதீங்க. உங்க ஈபி பில்லுல இருக்கிற ஒரு யூனிட்தான் அது. இந்தப் புத்தகத்தைப் படிக்க ஆயத்தம் உங்களுக்கு ஏற்கெனவே ஆயிடுச்சு.

சரி, ஒரு வீட்டை எடுப்போம். ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் கரண்ட். நாளைக்கு 5 யூனிட். சமையல் கேஸ் சிலிண்டர் 14.2 கிலோ, உள்ள இருக்கிற வெப்பம் கிட்டத்தட்ட 180 யூனிட். 45 நாள் வருதுன்னா நாளைக்கு 4 யூனிட். பைக் தினம் 20 கிலோமீட்டர், லிட்டருக்கு 50. 0.4 லிட்டர் பெட்ரோல். லிட்டர் பெட்ரோல்ல சுமார் 9 யூனிட், ஆக 3.6.

[திரை: கரண்ட் 5 + கேஸ் 4 + பைக் 3.6 = 12.6 யூனிட் / நாள்]

பார்த்தீங்களா? ஏசி போடவான்னு வீட்டுல தினம் சண்டை. ஆனா சத்தமே போடாம பாதிக்கு மேல கேஸும் பைக்கும் எடுத்துக்கிட்டுப் போகுது.

இப்ப ஃபோன் சார்ஜர். "பிளக்கைப் பிடுங்கி பூமியைக் காப்பாத்துங்க"ன்னு ஸ்கூல்ல போஸ்டர் ஒட்டுவாங்க. ஃபோன் இல்லாம சும்மா சொருகி இருக்கிற பழைய சார்ஜர் அரை வாட் இழுக்கும்னு வெச்சுப்போம். 24 மணி நேரத்துக்கு 0.012 யூனிட். அதே பைக் கிலோமீட்டருக்கு 0.18 யூனிட் குடிக்குது. ஆக நாள் பூரா சார்ஜரைப் பிடுங்கி வெச்ச புண்ணியம், பைக்ல 67 மீட்டர் போனா கரைஞ்சிடும். தெருமுனைக் கடைக்குக் கூட எட்டாது! பிடுங்க வேணாம்னு சொல்லலை, தாராளமா பிடுங்குங்க. அதைச் செஞ்சுட்டுக் கடமை முடிஞ்சதுன்னு மட்டும் நினைக்காதீங்க.

இங்க நிறைய பேர் வழுக்குற இடம் ஒண்ணு இருக்கு, கவனிங்க. மேல நாம கூட்டின 12.6-ல கரண்ட் யூனிட்டும் வெப்ப யூனிட்டும் கலந்திருக்கு. ரெண்டும் ஒண்ணு இல்லை. அனல் மின் நிலையத்துல ஒரு யூனிட் கரண்ட் எடுக்க ஏறக்குறைய மூணு யூனிட் நிலக்கரி வெப்பம் எரியுது. பைக் என்ஜின்லயும் பெட்ரோலோட பெரும்பங்கு வெப்பமாத்தான் வீணாப் போகுது. இதை விட்டுட்டா எலெக்ட்ரிக் வண்டி பத்தின எல்லாச் சண்டையும் தப்பாவே முடியும்.

போட்டுப் பார்ப்போம். அதே 20 கிலோமீட்டருக்கு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரியிலிருந்து சுமார் 0.6 யூனிட் எடுக்கும், சார்ஜ் இழப்போட சேர்த்து 0.7. பெட்ரோல் 3.6, இது 0.7. "ஆஹா, அஞ்சு மடங்கு மிச்சம், மாசே இல்லை!"னு விளம்பரம் குதிக்கும். "கரண்ட்டே நிலக்கரியில வருது, எல்லாம் வேஸ்ட்"னு மாமா வாட்ஸ்அப்ல குதிப்பார்.

பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, அப்ப பைக் நாளைக்கு 0.9 கிலோ. இந்திய மின்கட்டமைப்புல யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ, கம்பியில போற இழப்பையும் சேர்த்தா ஸ்கூட்டருக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல. பூஜ்யம் இல்லை, ஆனா கணிசமாக் குறைவு. பேட்டரி தயாரிக்கும்போது வர்ற மாசு இதுக்கு மேல தனியா ஒரு தடவை வரும். ஆனா கட்டமைப்புல சோலாரும் காற்றும் கூடக் கூட, அதே பழைய ஸ்கூட்டரோட மாசு தானாக் குறையும். பெட்ரோல் பைக் எவ்வளவு நாள் ஆனாலும் அப்படிக் குறையாது. விளம்பரமும் தப்பு, மாமாவும் தப்பு. மாமாவுக்கு இந்த வீடியோவை அனுப்பிடுங்க.

மெக்கே புத்தகத்துல முதல் பாகம் முழுசாப் படிங்க. ரெண்டாவது பாகத்துல இருக்கிறது பிரிட்டனுக்கான திட்டங்கள், மேலோட்டமாப் போதும். மூணாவது பாகம் கணக்குப் பிரியர்களுக்கு. ஒரு எச்சரிக்கை, அதுல இருக்கிற சோலார் விலையை நம்பாதீங்க. 2010-லிருந்து 2019-க்குள்ள சோலார் மின்சாரச் செலவு 85 சதவீதம் விழுந்துடுச்சு. பேட்டரியும் அதே அளவு. இயற்பியல் மாறாது, விலைப்பட்டியல் மாறிடும்.

[திரை: Grid India – Daily PSP Report]

மூணாவது புத்தகமே இல்லை. இந்திய மின்கட்டமைப்பை இயக்குற கிரிட் இந்தியா தினமும் வெளியிடுற அறிக்கை. மாநிலவாரியா நேத்து எவ்வளவு கரண்ட் செலவாச்சு, பிராந்தியவாரியா அது எதிலிருந்து வந்ததுன்னு இருக்கும். MU-ன்னு போட்டிருந்தா பத்து லட்சம் யூனிட்.

இது எதுக்கு? தலைப்புல மெகாவாட் வரும்போது ஏமாறாம இருக்கத்தான். ராமநாதபுரம் கமுதியில 648 மெகாவாட் சோலார் பூங்கா இருக்கு. 648-ஐ 24 மணி நேரத்தால பெருக்கினா ஒன்றரைக் கோடி யூனிட் வரும். ஆனா ராத்திரி வெயில் அடிக்காதே! நம்ம ஊர்ல ஒரு கிலோவாட் பேனல் நாளைக்கு நாலு, நாலரை யூனிட்தான் தரும். ஆக நிஜத்துல முப்பது லட்சம் யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழ. தமிழ்நாடு ஒரு நாளைக்குச் சாப்பிடுறது 30 கோடி யூனிட்டுக்கு மேல. அவ்வளவு பெரிய பூங்கா, மொத்தத்துல ஒரு சதவீதம் கூட இல்லை. அதே அளவு நூறு வேணும்னு சலிச்சுக்கலாம், நூறுதானேன்னும் கேட்கலாம்.

காத்து இன்னும் சுவாரசியம். ஜூலை மாதிரி சீசன்ல தமிழ்நாட்டுக் காற்றாலைகள் ஒரே நாள்ல பத்து கோடி யூனிட்டைத் தாண்டினதுண்டு. குளிர்காலத்துல அதுல பத்துல ஒரு பங்கு கூட வராத நாளும் உண்டு. அதனால "காற்றாலையிலயே மாநிலம் ஓடுது"ன்னு ஜூலையில வர்ற செய்தியையும், "காற்றாலை சும்மா நிக்குது"ன்னு ஜனவரியில வர்ற செய்தியையும் பார்த்தா, அந்த அறிக்கையில ஒரே தேதியை விட்டுட்டு ஜூலை ஒண்ணு, ஜனவரி ஒண்ணுன்னு ரெண்டு தேதியை எடுத்துப் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

இப்ப உங்க ஈபி பில், சிலிண்டர் எத்தனை நாள் வருது, வண்டி மைலேஜ், மூணையும் எடுத்து உங்க வீட்டுக் கணக்கைப் போட்டு கமெண்ட்ல விடுங்க. கார் வெச்சிருக்கிறவங்க கட்டாயம் போடணும், ஒளிஞ்சுக்கக் கூடாது. அடுத்த வீடியோவுல அதுல மூணு வீட்டை எடுத்து, மாடியில சோலார் போட்டா எந்த மணி நேரத்துக்கு உதவும், எதுக்கு உதவாதுன்னு பிரிச்சுப் பார்க்கலாம்.