பாயிண்ட் வந்தது, ஆள் ஏன் உள்ளே வரவில்லை? கபடி மேட்ச் முதல் முறை பார்ப்பவர்களுக்கு

[திரையில்: மேட் விரித்த ஆடுகளத்தின் நடுக்கோடு. ரெய்டர் திரும்பி வருகிறார், கட்டை விரலை உயர்த்திக் காட்டுகிறார்.]

போன சீசனில் பெரியம்மாவை உட்கார வைத்துப் புரோ கபடி மேட்ச் போட்டேன். அவருக்கு அதுதான் முதல் மேட்ச். பத்து நிமிடம் சத்தமே இல்லாமல் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "ஏன் கண்ணு, இப்ப பாயிண்ட் குடுத்தாங்கல்ல? முன்னாடி பாயிண்ட் வந்தப்ப வெளிய உக்காந்திருந்தவன் ஒருத்தன் உள்ள வந்தான். இப்ப ஏன் ஒருத்தனும் வரல?"

அருமையான கேள்வி! கபடியின் பாதி சூட்சுமம் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. இந்த வீடியோ முழுக்க அதற்கான பதில்தான்.

முதலில் அடிப்படை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் ஏழு பேர். இருபது நிமிடம், இடைவேளை, மறுபடி இருபது நிமிடம். இரண்டு அணியும் மாறி மாறி ஒருவரை எதிர்ப் பக்கம் அனுப்பும். அவர்தான் ரெய்டர். 'கபடி கபடி' என்று விடாமல் பாடிக்கொண்டு போக வேண்டும், 30 விநாடிக்குள் திரும்பிவிட வேண்டும். இவ்வளவுதான் அடிப்படை.

[திரையில்: அரை ஆடுகளத்தின் படம். கோடுகள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

இப்போது கோடுகள். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ஒரு கோடு இருக்கிறது. அதன் பெயர் பாக் லைன். ரெய்டர் யாரையும் தொடாமல் திரும்பினால்கூட இந்தக் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டாமல் திரும்பினால் அவர் அவுட். அதற்கு ஒரு மீட்டர் பின்னால் போனஸ் லைன். அதற்கும் பின்னால் 1.75 மீட்டரில் மைதானமே முடிந்துவிடும். அந்தக் குறுகிய இடத்தில்தான் கார்னரில் நிற்கும் டிஃபெண்டர்கள் ரெய்டரின் காலுக்காகக் காத்திருப்பார்கள். இரண்டு ஓரத்திலும் ஒரு மீட்டர் அகலத்துக்கு லாபி இருக்கும். யாராவது யாரையாவது தொட்ட பிறகுதான் அதற்குள் கால் வைக்கலாம்.

ரெய்டர் ஒரு டிஃபெண்டரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டைத் தாண்டி வந்துவிட்டால், தொடப்பட்டவர் வெளியே, ரெய்டர் அணிக்கு ஒரு பாயிண்ட். ரெய்டரை மடக்கித் திரும்ப விடாமல் பிடித்துவிட்டால், ரெய்டர் வெளியே, பிடித்த அணிக்கு ஒரு பாயிண்ட். பிடிப்பதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நான்கு பேர் சேர்ந்து அமுக்குகிறார்கள் என்று வையுங்கள். ரெய்டர் அடியில் கிடந்து கையை நீட்டுகிறார், விரல் நுனி நடுக்கோட்டைத் தாண்டிவிடுகிறது. அவ்வளவுதான், அவரைத் தொட்ட அந்த நான்கு பேரும் அவுட்! அதனால்தான் நல்ல டிஃபெண்டர்கள் சும்மா பாய மாட்டார்கள். கார்னரில் இருப்பவர் கணுக்காலைப் பிடித்து உறுதி செய்த பிறகுதான் மற்றவர்கள் வந்து விழுவார்கள். அடுத்த மேட்சில் ரெய்டரை விட்டுவிட்டு, ஓரத்தில் குனிந்து நிற்கும் அந்த ஒருவரை மட்டும் ஐந்து ரெய்டு பாருங்கள். வேறு விளையாட்டே தெரியும்.

சரி, பெரியம்மாவின் கேள்விக்கு வருவோம்.

[திரையில்: எண்ட் லைனுக்குப் பின்னால், அவுட் ஆனவர்கள் உட்கார்ந்திருக்கும் இடம்.]

அவுட் ஆனவர்கள் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் அணி எதிரணியில் ஒருவரை அவுட் ஆக்கினால், வரிசையிலிருந்து ஒருவர் உள்ளே வருவார். இரண்டு பேரை அவுட் ஆக்கினால் இரண்டு பேர். இதற்குப் பெயர் ரிவைவல். யார் முதலில் வருவார்? யார் முதலில் போனாரோ அவர். ரேஷன் கடை வரிசை மாதிரிதான், எவ்வளவு பெரிய ஸ்டார் ரெய்டராக இருந்தாலும் நடுவில் புக முடியாது.

இப்போது போனஸ். எதிரே ஆறு அல்லது ஏழு டிஃபெண்டர்கள் இருக்கும்போது, ரெய்டர் ஒரு காலைப் போனஸ் லைனுக்கு அந்தப் பக்கம் ஊன்றி, அந்த நொடியில் பின்னங்காலைத் தரையிலிருந்து தூக்கியிருந்தால் ஒரு பாயிண்ட். பின்னங்கால் பெருவிரல் மேட்டில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் பாயிண்ட் கிடையாது. ஸ்லோ மோஷனில் நடுவர்கள் உற்றுப் பார்ப்பது அந்தப் பெருவிரலைத்தான். ஆனால் போனஸில் எதிரணியில் யாரும் அவுட் ஆகவில்லை. யாரும் அங்கே வெளியே போகாததால் இங்கே யாரும் உள்ளே வர முடியாது. பெரியம்மா பார்த்தது அதைத்தான். ஸ்கோர் ஏறியது, ஆள் ஏறவில்லை.

எனக்குக் கபடியில் ரொம்பப் பிடித்த இடமே இதுதான். போர்டில் ஒரு கணக்கு ஓடுகிறது, மேட்டில் நிற்கும் தலைகளில் வேறொரு கணக்கு ஓடுகிறது. இரண்டும் சேர்ந்தே போகாது. ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன், கொஞ்சம் பொறுமையாக என்னோடு வாருங்கள்.

[திரையில்: சிவப்பு 7 பேர், மஞ்சள் 7 பேர். ஸ்கோர் 0–0.]

சிவப்பு அணி முதல் ரெய்டு. போனஸ். ஸ்கோர் 1–0. இரு பக்கமும் ஏழு பேர் அப்படியே.

மஞ்சள் அணி தன் ஸ்டார் ரெய்டரை அனுப்புகிறது. அவர் ஜெர்சி நம்பர் 10 என்று வைத்துக்கொள்வோம். பிடிபடுகிறார். 2–0, மஞ்சளில் ஆறு பேர்.

சிவப்பு ரெய்டர் போய் இரண்டு பேரைத் தொட்டு வருகிறார். 4–0. மஞ்சளில் நான்கு பேர்தான். சிவப்பில் யாரும் வெளியே இல்லை, அதனால் ரிவைவலுக்கு வேலை இல்லை.

மஞ்சள் இன்னொருவரை அனுப்புகிறது. அவர் ஒருவரைத் தொட்டு வருகிறார். 4–1. மஞ்சளில் முதலில் வெளியே போனது 10-ஆம் நம்பர், அதனால் அவர் திரும்ப வருகிறார். மஞ்சள் ஐந்து, சிவப்பு ஆறு.

சிவப்பு மறுபடி. எதிரே ஐந்து பேர் மட்டுமே என்பதால் போனஸ் கிடையாது, தொட்டே ஆக வேண்டும். ஒருவரைத் தொடுகிறார். 5–1. மஞ்சள் நான்கு, சிவப்பு ஏழு.

இப்போது 10-ஆம் நம்பர் போகிறார், மறுபடி பிடிபடுகிறார். 6–1. மஞ்சளில் மூன்றே பேர்.

[திரையில்: மூன்று மஞ்சள் புள்ளிகள் மட்டும் பெரிதாகத் தெரிகின்றன.]

மஞ்சள் கதை முடிந்தது போலத் தோன்றும். ஆனால் கமெண்டேட்டரின் குரல் இங்கேதான் மாறும், "சூப்பர் டேக்கிள் ஆன்" என்று சொல்வார். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும் அணி ரெய்டரைப் பிடித்தால் ஒன்றுக்குப் பதில் இரண்டு பாயிண்ட். சிவப்பு ரெய்டர் உள்ளே போகிறார், மஞ்சளின் கார்னர் கணுக்காலை அள்ளுகிறார், மற்ற இருவர் மேலே விழுகிறார்கள். பிடித்துவிட்டார்கள்! 6–3.

இங்கே நிறுத்தி ஒரு கேள்வி. மஞ்சளுக்கு இரண்டு பாயிண்ட் வந்தது. எத்தனை பேர் உள்ளே வருவார்கள்? ஒருவர்தான். அவுட் ஆனது ஒரே ஒரு சிவப்பு ரெய்டர் என்பதால் உள்ளே வருவதும் ஒரே ஒருவர். கூடுதல் பாயிண்ட் போர்டுக்கு மட்டும்தான்.

அந்த ஒருவர் 10-ஆம் நம்பரா? இல்லை. அவர் கடைசியாகப் போனவர், அவருக்கு முன்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் வந்தாயிற்று. இன்னும் இருவர் வந்த பிறகுதான் அவர் முறை. ஆக, மஞ்சள் இன்னும் மூன்று பேரை அவுட் ஆக்கினால்தான் தன் ஸ்டாரைப் பார்க்க முடியும். நடுவில் பத்து போனஸ் எடுத்தாலும் அவர் எழுந்து வர மாட்டார்.

இந்த நேரத்தில் சிவப்பு என்ன செய்யும் தெரியுமா? சும்மா ரெய்டு போகும். பாக் லைனைத் தாண்டி, யாரிடமும் நெருங்காமல், 30 விநாடியையும் கரைத்துவிட்டுத் திரும்பி வரும். இதற்குப் பெயர் எம்ப்டி ரெய்டு. முதல் முறை பார்ப்பவர்கள் "ஏன் பயந்து ஓடி வருகிறான்?" என்பார்கள். பயம் இல்லை, எதிரணியின் 10-ஆம் நம்பரை உட்கார வைத்தே வைத்திருக்கும் வேலை அது.

ஆனால் இதையே செய்துகொண்டிருக்க முடியாது. ஒரு அணி தொடர்ந்து இரண்டு எம்ப்டி ரெய்டு போனால் மூன்றாவது 'டூ ஆர் டை'. அதில் பாயிண்ட் எடுக்காமல் திரும்பினால் ரெய்டரே அவுட், எதிரணிக்கு ஒரு பாயிண்ட். இந்தக் கணக்கு ஆளுக்கு இல்லை, அணிக்கு. முதல் இரண்டு ரெய்டு யார் போயிருந்தாலும் மூன்றாவது போகிறவர் தலையில்தான் அது விழும். மூன்று பேர் மட்டும் நிற்கும் அணி இதற்காகவே காத்திருக்கும். டூ ஆர் டையில் ரெய்டர் கிட்டே வந்தே தீர வேண்டும், வந்தால் சூப்பர் டேக்கிள் வாய்ப்பு.

ஏழு பேரும் வெளியே போய்விட்டால் ஆல் அவுட். எதிரணிக்குக் கூடுதலாக இரண்டு பாயிண்ட், ஆல் அவுட் ஆன அணியின் ஏழு பேரும் மறுபடி உள்ளே. 2017 எலிமினேட்டரில் பாட்னா பைரேட்ஸின் பர்தீப் நர்வால் ஹரியானா ஸ்டீலர்ஸுக்கு எதிராக ஒரே ரெய்டில் எட்டு பாயிண்ட் எடுத்தது இப்படித்தான். மேட்டில் இருந்த ஆறு பேரையும் ஒரே மூச்சில் அவுட் ஆக்கினார், ஆறு. அதோடு ஆல் அவுட்டுக்கு இரண்டு. அந்த ரெய்டைத் தேடிப் பாருங்கள். ஆறு பேர் அமுக்கப் பார்க்கிறார்கள், அத்தனை பேரையும் தொட்டுக்கொண்டே மனிதர் நடுக்கோட்டைத் தாண்டிவிடுகிறார்!

பெரியம்மா இப்போது ஸ்கோர் கேட்பதே இல்லை. "அந்தப் பையனுக்கு முன்னாடி எத்தன பேரு உக்காந்திருக்காங்க?" என்றுதான் கேட்கிறார்.

உங்களுக்கு ஒரு கணக்கு, பதிலைக் கமெண்டில் போடுங்கள். எதிரே ஆறு டிஃபெண்டர்கள். ரெய்டர் போனஸ் எடுக்கிறார், அதே ரெய்டில் இரண்டு பேரைத் தொட்டுத் திரும்புகிறார். அவர் அணியில் மூன்று பேர் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள், மூன்றாவதாக இருப்பவர் ஸ்டார் ரெய்டர். எத்தனை பாயிண்ட்? அவர் உள்ளே வருவாரா?